நபரைப் பிரிப்பதா, கொத்தைப் பிரிப்பதா? கணக்கெடுப்புத் தரவில் கணிப்பு மாதிரிகளைச் சோதிக்கும் முறை குறித்து ஒரு விமர்சனம்

தேசியக் குடும்ப நல ஆய்வின் தரவைக் கொண்டு கணிப்பு மாதிரிகளை உருவாக்கும் ஆய்வேடுகள் புள்ளியியல், சமூகப்பணி, மக்கள்தொகையியல், கணினி அறிவியல் எனப் பல துறைகளிலும் எழுதப்படுகின்றன. பெண்களின் இரத்தசோகை, குழந்தைகளின் எடைக்குறைவு, மகப்பேற்றுச் சேவைப் பயன்பாடு ஆகியவை அவற்றில் அடிக்கடி காணப்படும் பொருள்கள். ஆய்வேட்டின் முறையியல் இயலில் ஒரு வரி ஏறக்குறைய மாறாமல் இடம்பெறும்: தரவு 80:20 என்ற விகிதத்தில் வாய்ப்பு முறையில் பயிற்சித் தரவாகவும் சோதனைத் தரவாகவும் பிரிக்கப்பட்டது. அதற்கு அடுத்த பக்கத்தில் பல நெறிமுறைகளின் துல்லியம் அட்டவணையாகத் தரப்பட்டு, மிகுதியான எண்ணைப் பெற்றது சிறந்தது என அறிவிக்கப்படும். இக்கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றியது. கணக்கெடுப்பு நபர்களைத் தனித்தனியே தேர்ந்தெடுக்கவில்லை. இடங்களைத் தேர்ந்தெடுத்து, அவ்விடங்களுக்குள் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்தது. ஆகவே சோதனைக்கான பிரிப்பும் இடத்தின் வழியே நிகழாவிட்டால் அட்டவணையிலுள்ள துல்லியம் எதன் துல்லியம் என்பதே தெரியாமல் போகிறது என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

முதலில் தரவு எவ்வாறு திரட்டப்பட்டது என்பதைக் காண வேண்டும். ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019–21இல் நடைபெற்றது. தமிழ்நாட்டில் 27,929 குடும்பங்களும் 25,650 பெண்களும் இதில் அடங்குவர். கூறெடுப்பு இரு நிலைகளில் நிகழ்ந்தது. முதல் நிலையில், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைச் சட்டகமாகக் கொண்டு, ஊரகத்தில் சிற்றூர்களும் நகர்ப்புறத்தில் கணக்கெடுப்பு வட்டாரங்களும் தேர்ந்தெடுக்கப்பட்டன. இவற்றையே இங்குக் கொத்து என்கிறோம். இரண்டாம் நிலையில், ஒவ்வொரு கொத்திலும் வீடுகளைப் பட்டியலிட்டு 22 குடும்பங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. 27,929ஐ 22ஆல் வகுத்தால் தமிழ்நாட்டுத் தரவில் 1,200க்கும் சற்று மேற்பட்ட கொத்துகளே உள்ளன என்பது புலப்படும். கோப்பில் 25,650 வரிசைகள் இருக்கலாம். ஆனால் ஒன்றையொன்று சாராத இடங்கள் ஆயிரத்துச் சொச்சமே.

ஒரே கொத்தில் வாழும் பெண்கள் குடிநீர், அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, மருத்துவ வசதி ஆகியவற்றைப் பொதுவில் பகிர்கின்றனர். ஒரே வீட்டில் இரு பெண்கள் நேர்காணப்பட்டிருந்தால் அவர்களுடைய செல்வக் குறியீடு, கழிப்பறை வசதி, சமையல் எரிபொருள் ஆகிய மாறிகள் எழுத்துப் பிசகாமல் ஒன்றாகவே இருக்கும். இந்நிலையில் நபர்களைக் கலைத்துப் பிரித்தால் சோதனைத் தரவிலுள்ள பெண்ணின் அண்டை வீட்டார் பயிற்சித் தரவில் அமர்ந்துவிடுகின்றனர்.

இதன் விளைவை எளிய கணக்கொன்றால் அளந்து பார்க்கலாம். சென்னையின் மேற்குப் புறநகரான மாங்காட்டை எடுத்துக்கொள்வோம். காமாட்சியம்மன் கோயிலைச் சூழ்ந்த பழைய தெருக்களும், பூந்தமல்லி, குன்றத்தூர்ச் சாலைகளை ஒட்டி எழுந்த புதிய மனைப்பிரிவுகளும் அருகருகே அமைந்த ஊர் இது. இங்கு ஓர் ஆய்வு மாணவர் 20 கொத்துகளைத் தேர்ந்து, கொத்துக்கு 22 வீடுகள், வீட்டுக்கு ஒரு பெண் என 440 பேரிடம் தரவு திரட்டுவதாக வைத்துக்கொள்வோம். பின்வரும் எண்கள் விளக்கத்திற்காக அமைத்துக்கொண்டவை. களத்தில் பெறப்பட்டவை அல்ல. பத்துக் கொத்துகளில் 70 விழுக்காட்டினருக்கும் எஞ்சிய பத்தில் 40 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை உள்ளது. மொத்தத்தில் 55 விழுக்காடு. (மாநில அளவில் ஐந்தாம் சுற்று காட்டும் அளவு 53.4 விழுக்காடு என்பதால் இது இயல்புக்கு அப்பாற்பட்டதன்று.) மாணவர் திரட்டிய மாறிகளுள் எதற்கும் தனிமனித நிலையில் இரத்தசோகையோடு தொடர்பே இல்லை என்றும் கொள்வோம். ஆனால் அவற்றுள் ஒன்று, எடுத்துக்காட்டாக அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கான தூரம், கொத்துக்குக் கொத்து வேறுபட்டும் கொத்துக்குள் ஒரே எண்ணாகவும் பதிவாகியிருக்கிறது.

எதுவும் அறியாத கணிப்பு, அனைவருக்கும் இரத்தசோகை உண்டு என்று சொல்லி 55 விழுக்காடு சரியாக இருக்கும். இதுவே அடித்தளம். இனி, 80:20 பிரிப்பில் 352 பேர் பயிற்சிக்கும் 88 பேர் சோதனைக்கும் செல்கின்றனர். சோதனையிலுள்ள ஒரு பெண்ணின் கொத்தில் அவரைத் தவிர 21 பேர் உள்ளனர். அவர்களுள் பயிற்சிக்குச் சென்றவர்களின் சராசரி எண்ணிக்கை 21 × 352 ÷ 439, அதாவது ஏறத்தாழ 17. தூரம் என்னும் மாறியைக் கொண்டு அந்தப் பதினேழு பேரையும் முடிவுமரம் ஒன்று எளிதில் அடையாளம் கண்டுகொள்ளும். அவர்களுள் பெரும்பான்மை எதுவோ அதையே சோதனைப் பெண்ணுக்கும் சொல்லும். முதல் பத்துக் கொத்துகளில் 70 விழுக்காடும் அடுத்த பத்தில் 60 விழுக்காடும் சரியாக அமையும். சராசரி 65. சில கொத்துகளில் பதினேழு பேரின் பெரும்பான்மை வழிதவறக்கூடும் என்பதால் நடைமுறையில் இதைவிடச் சற்றுக் குறைவாக வரும். எவ்வாறாயினும் அடித்தளத்தைவிடக் கணிசமான உயர்வு கிடைத்துவிடுகிறது. சுகாதார நிலையத்தின் தூரம் இரத்தசோகையைக் கணிக்கிறது என ஆய்வேடு முடிவுரை எழுதும்.

இப்போது நான்கு கொத்துகளை முழுமையாக ஒதுக்கி, எஞ்சிய பதினாறைக் கொண்டு பயிற்றுவோம். ஒதுக்கப்பட்ட கொத்துகளின் தூர எண்களை மாதிரி முன்னர்க் கண்டதே இல்லை. அந்த எண்களுக்கு அருகிலுள்ள வேறொரு கொத்தின் பெரும்பான்மையைச் சொல்வதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை; அது பொருந்துவதும் பொருந்தாததும் தற்செயல். துல்லியம் 55ஐ எட்டுவதே அரிது, அதற்குக் கீழேயும் இறங்கலாம். ஒரே தரவு, ஒரே நெறிமுறை, இரு விடைகள். முதல் விடை, ஏற்கெனவே பதினேழு பேரின் இரத்தத்தைச் சோதித்த தெருவில் பதினெட்டாவது பெண்ணைப் பற்றிச் சொல்கிறது. இரண்டாவது, எவரையும் சோதிக்காத தெருவைப் பற்றிச் சொல்கிறது.

வாய்ப்பு முறைப் பிரிப்பு எல்லா நிலையிலும் தவறு என்று இதிலிருந்து முடிவு கட்டுவது பொருந்தாது. அதே இருபது கொத்துகளில் விடுபட்ட பெண்களைக் கணிப்பதே நோக்கமென்றால், முதல் விடை அந்த நோக்கத்திற்கு உரியதே. கிராம சுகாதார செவிலியர் தம் பகுதியின் பழைய பதிவுகளைக் கொண்டு அதே பகுதியில் புதிதாகக் குடிவந்தவரை மதிப்பிடுவது அத்தகையது. ஆனால் ஆய்வேடுகளின் முடிவுரைகள் பெரும்பாலும் அவ்வாறு பேசுவதில்லை. மாநிலம் முழுவதற்கும், கணக்கெடுக்கப்படாத ஊர்களுக்கும் இம்மாதிரியைப் பயன்படுத்தலாம் என்றே பரிந்துரைக்கின்றன. பரிந்துரை எந்தச் சூழலைக் குறிக்கிறதோ அந்தச் சூழலைச் சோதனை நிகழ்த்திக் காட்டியிருக்க வேண்டும் என்பதே கேள்வி.

கொத்தின் அடையாளம் எந்தெந்த மாறிகளின் வழியே உள்ளே நுழைகிறது என்பதை இத்தரவைக் கையாள்வோர் குறிப்பாக அறிந்திருக்க வேண்டும். கொத்து எண்ணான `v001`, முதல்நிலைக் கூறலகான `v021` ஆகியவற்றை மாறிகளாக எவரும் சேர்ப்பதில்லை. ஆனால் கொத்தின் கடல்மட்ட உயரத்தைத் தரும் `v040` கொத்துக்கு ஓர் எண் என்ற அளவில் கைரேகை போன்றது. எடையிடும் எண்ணான `v005` பெரும்பாலும் ஒரு கொத்துக்குள் மாறாது. அதைக் கவனிக்காமல் மாறிகளின் பட்டியலில் விட்டுவிட்டால் அதுவும் அதே வேலையைச் செய்யும். மாறிகளின் முக்கியத்துவப் படத்தில் உயரமோ எடையோ முன்னணியில் நின்றால் ஐயுற வேண்டும். சமவெளியில் அமைந்த இரு தெருக்களுக்கிடையே பத்து மீட்டர் உயர வேறுபாடு எவருடைய இரத்தத்தையும் மாற்றுவதில்லை.

இதைக் கண்டறிய இரு எளிய சோதனைகள் உண்டு. முதலாவது, `v001` ஒன்றை மட்டும் வகைமாறியாகக் கொடுத்து நபர்வாரிப் பிரிப்பில் மாதிரியை ஓட்டுவது. அடித்தளத்தைவிட அது எவ்வளவு உயர்கிறதோ, ஏறத்தாழ அந்த அளவு இடம்சார்ந்த ஒற்றுமை தரவில் இருக்கிறது. இரண்டாவது, எளிய தளவாடப் பின்னடைவையும் வாய்ப்புமரக் காட்டையும் இருவகைப் பிரிப்பிலும் ஒப்பிடுவது. நபர்வாரிப் பிரிப்பில் காடு பெரிதும் முந்தி, கொத்துவாரிப் பிரிப்பில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றால், காடு கற்றுக்கொண்டது நோயை அன்று, முகவரியை.

கொத்துவாரிக் குறுக்குச் சரிபார்ப்பை நிகழ்த்துவது கடினமன்று. கொத்துகளை ஐந்து மடிப்புகளாகப் பகிர்ந்து, ஒவ்வொரு முறையும் ஒரு மடிப்பின் கொத்துகளை முழுமையாக ஒதுக்கிச் சோதிக்க வேண்டும். பைத்தானில் அது பின்வருமாறு அமையும்:

```python
from sklearn.pipeline import make_pipeline
from sklearn.impute import SimpleImputer
from sklearn.preprocessing import OneHotEncoder
from sklearn.feature_selection import SelectKBest, chi2
from sklearn.linear_model import LogisticRegression
from sklearn.model_selection import GroupKFold, cross_val_score

model = make_pipeline(
    SimpleImputer(strategy="most_frequent"),
    OneHotEncoder(handle_unknown="ignore"),
    SelectKBest(chi2, k=20),
    LogisticRegression(max_iter=1000))

scores = cross_val_score(model, X, y, groups=df["v001"],
                         cv=GroupKFold(n_splits=5))
```

இங்கு `groups` என்னுமிடத்தில் கொத்து எண் தரப்படுவதே மையம். குழந்தைகள் கோப்பைப் பயன்படுத்துவோர் தாயின் அடையாளத்தைக் கொண்டு பிரித்தால் உடன்பிறந்தார் இரு பக்கமும் சிதறுவது தடைபடும். ஆயினும் அது போதாது. கொத்தைக் கொண்டு பிரித்தால் தாயும் வீடும் அதற்குள் தாமாகவே அடங்கிவிடும்.

மேற்கண்ட நிரலில் இன்னொரு செய்தியும் பொதிந்துள்ளது. விடுபட்ட விடைகளை நிரப்புதல், மாறிகளைத் தேர்ந்தெடுத்தல் ஆகியவை சங்கிலிக்குள் வைக்கப்பட்டிருப்பதால், ஒவ்வொரு மடிப்பிலும் பயிற்சிப் பகுதியைக் கொண்டே அவை புதிதாகச் செய்யப்படுகின்றன. முழுத் தரவிலும் மாறிகளைத் தேர்ந்தெடுத்த பின்னர்ப் பிரிப்பது பரவலான வழக்கம். அதன் கேடு புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. 1950இல் எட்வர்ட் குரெட்டன் என்னும் அமெரிக்க உளவியலாளர் இதை நையாண்டியாகவே நிறுவிக் காட்டினார். 29 மாணவர்கள், எண் எழுதப்பட்ட 85 அட்டைகள். ஒவ்வொரு மாணவருக்காகவும் அட்டைகளைக் குலுக்கி மேசைமீது கொட்டினார். எந்த அட்டை எந்தப் பக்கமாக விழுந்தது என்பதைத் தேர்வு வினாவின் விடையாகப் பதிந்துகொண்டார். பிறகு மாணவர்களின் மதிப்பெண்ணோடு நன்கு இயைந்த அட்டைகளை மட்டும் தேர்ந்து ஒரு தேர்வாக அமைத்து, அதே 29 பேரிடமே அதன் தகுதியைச் சோதித்தார். மதிப்பெண்ணோடு 0.82 என்ற உடன்தொடர்பு கிடைத்தது. அட்டைகளுக்கும் மாணவர்களின் அறிவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது சொல்லாமலே விளங்கும். நம் ஆய்வேடுகளில் நூற்றுக்கணக்கான மாறிகளிலிருந்து இருபதைத் தேர்ந்தெடுத்து, பிறகு பிரித்து, பிறகு துல்லியத்தைக் கொண்டாடும்போது அந்த அட்டைகள் மீண்டும் கொட்டப்படுகின்றன.

இதன் இக்கால வடிவம் செயற்கைப் பெருக்கம். கடுமையான இரத்தசோகை போன்ற அரிய நிலையைக் கணிக்கும்போது, சிறுபான்மை வகுப்பிலுள்ளோரின் இடைநிலைப் பிரதிகளை உருவாக்கி எண்ணிக்கையைச் சமன்செய்யும் ஸ்மோட் என்னும் உத்தி பயன்படுத்தப்படுகிறது. பெருக்கிய பின்னர்ப் பிரித்தால் ஒரு பெண்ணின் பிரதி பயிற்சியிலும் அவரே சோதனையிலும் அமர்வர். குறைப்பிரசவத்தை முன்கணிக்கும் ஒரு புகழ்பெற்ற தரவுத்தொகுப்பில் மொத்தம் 300 பதிவுகள். அவற்றுள் 38 மட்டுமே குறைப்பிரசவங்கள். அதைக் கொண்டு பல ஆய்வுகள் ஏறத்தாழப் பிழையற்ற முடிவுகளை வெளியிட்டிருந்தன. 2021இல் வெளிவந்த மீளாய்வொன்று, பெருக்கத்தைப் பிரிப்புக்குப் பின்னர்ப் பயிற்சிப் பகுதியில் மட்டும் செய்து பார்த்தபோது அத்திறன் கரைந்துபோனதைக் காட்டியது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் சயாஷ் கபூர், அரவிந்த் நாராயணன் ஆகியோர் 2023இல் வெளியிட்ட கட்டுரை இத்தகைய கசிவுகளை 17 துறைகளில், 294 ஆய்வுக் கட்டுரைகளில் தொகுத்துக் காட்டுகிறது. உள்நாட்டுப் போரை முன்கணிக்கும் ஆய்வுகளை அவர்கள் மீண்டும் இயக்கிப் பார்த்தபோது, பிழை திருத்தப்பட்டதும் சிக்கலான மாதிரிகள் பழைய தளவாடப் பின்னடைவைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் மேம்படவில்லை.

நேர்மையாகச் சோதித்தால் எண்கள் சிறுத்துப்போகும் என்பதே ஆய்வு மாணவர் எதிர்கொள்ளும் நடைமுறை இடர். வாய்மொழித் தேர்வில் 90 விழுக்காடு மெச்சப்படுகிறது. 58 விழுக்காடு விளக்கம் கோரப்படுகிறது. இவ்விடத்தில் அமெரிக்காவின் நலிவுற்ற குடும்பங்கள் ஆய்வு நடத்திய போட்டியை நினைவுகூர்வது பயன்தரும். 4,242 குடும்பங்கள், ஏறத்தாழ 13,000 மாறிகள். 160 குழுக்கள் பங்கேற்றன. தரவில் பாதி பயிற்சிக்கு வழங்கப்பட்டது. எட்டில் ஒரு பங்கு இடைக்காலத் தரவரிசைக்குப் பயன்பட்டது. எட்டில் மூன்று பங்கு போட்டி முடியும்வரை பூட்டி வைக்கப்பட்டது. 2020இல் வெளியான முடிவுகளின்படி, ஆறு விளைவுகளில் சிறப்பாகக் கணிக்கப்பட்ட இரண்டில்கூட விளக்கப்பட்ட மாறுபாடு 0.2 என்ற அளவிலேயே நின்றது. எஞ்சிய நான்கில் 0.05ஐ ஒட்டியே அமைந்தது. நான்கு மாறிகள் கொண்ட எளிய பின்னடைவு மாதிரி அந்த வெற்றியாளர்களுக்கு மிக அருகில் இருந்தது. பதின்மூன்றாயிரம் மாறிகளின் கதி இதுவென்றால், நாற்பது மாறிகளைக் கொண்டு 95 விழுக்காடு எட்டும் ஆய்வேட்டை நெறியாளர் பாராட்டுவதற்கு முன் அதன் பிரிப்பு வரியைப் படிக்க வேண்டும்.

கொத்துவாரிப் பிரிப்புக்கும் வரம்புகள் உள்ளன. இருபது கொத்துகளை ஐந்து மடிப்புகளாக்கினால் மடிப்புக்கு நான்கு கொத்துகளே கிடைக்கும். ஒரு மடிப்பில் 48 விழுக்காடும் மற்றொன்றில் 67 விழுக்காடும் வருவது இயல்பு. அந்த ஏற்ற இறக்கத்தை மறைக்காமல் ஐந்து எண்களையும் தருவதே முறை. ஐந்தின் திட்டவிலக்கத்தைக் கொண்டு நம்பிக்கை இடைவெளி அமைப்பதும் சரியன்று. மடிப்புகள் பயிற்சித் தரவைப் பகிர்வதால் அவை ஒன்றையொன்று சாராதவை அல்ல. மாநிலத் தரவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கொத்துகள் உள்ளமையால் இந்த இடர் பெரிதும் தணிகிறது. அங்கு மற்றொரு கடமை எழுகிறது. மாவட்டங்கள் வெவ்வேறு விகிதத்தில் கூறெடுக்கப்பட்டமையால், மாநிலத் துல்லியம் எனச் சொல்ல வேண்டுமாயின் சோதனைப் பிழைகளின் சராசரியை `v005` எடையுடன் கணக்கிட வேண்டும். படைகளையும் கொத்துகளையும் மதித்து மடிப்புகளை அமைக்கும் `surveyCV` என்னும் ஆர் மொழித் தொகுப்பை வீசோரெக்கும் அவருடைய உடனாய்வாளர்களும் உருவாக்கியுள்ளனர்; இதன் அடிப்படையை விளக்கும் அவர்களது கட்டுரை 2022இல் வெளிவந்தது.

எடையும் கொத்தும் சரியாக அமைந்த பிறகும், சட்டகத்தின் வயது என்னும் சிக்கல் எஞ்சுகிறது. ஐந்தாம் சுற்றின் சட்டகம் 2011ஐச் சேர்ந்தது. அப்போது மாங்காடு ஒரு பேரூராட்சி, இப்போது நகராட்சி. இடைப்பட்ட காலத்தில் வயல்கள் மனைகளாகிக் குடியேறியவர்களின் தெருக்கள் அந்தச் சட்டகத்தில் உரிய அளவில் இடம்பெற வழியில்லை. கொத்துவாரிக் குறுக்குச் சரிபார்ப்பு, சட்டகத்தில் உள்ள புதிய கொத்தைப் பற்றியே உறுதி கூறும். சட்டகத்திலேயே இல்லாத தெருவைப் பற்றி அதற்குச் சொல்வதற்கு எதுவுமில்லை. இதை ஓரளவு அளந்தறிய ஒரு வழி உண்டு. தமிழ்நாட்டுக் களப்பணி 2020 ஊரடங்கால் இரண்டாகப் பிளவுபட்டது. நேர்காணல் நடைபெற்ற மாதத்தைத் தரவுக்கோப்பு தருகிறது. ஊரடங்குக்கு முந்தைய கொத்துகளில் பயிற்றி, பிந்தைய கொத்துகளில் சோதித்தால், காலம் மாறும்போது மாதிரி எவ்வளவு நிலைகுலைகிறது என்பதற்கான ஓர் அளவு கிடைக்கும். இரு கட்டங்களிலும் ஒரே மாவட்டங்கள் இடம்பெற்றுள்ளனவா என்பதை முதலில் அட்டவணையிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்; இல்லையேல் காலத்தின் மாற்றம் எனக் கருதுவது மாவட்டத்தின் மாற்றமாக இருக்கக்கூடும்.